நான்கு திரைகளும் ஒரு கணக்கும்

பி.வி.ஆர். – ஐநாக்ஸ் இணைப்பு: மயிலாப்பூருக்கு ஒரு கணக்கு, டில்லிக்கு ஒரு கணக்கா?

மயிலாப்பூரில் டாக்டர் ராதாகிருஷ்ணன் சாலையில் சென்னை சிட்டி சென்டர் கட்டடத்திலே ஐநாக்ஸ் கம்பெனியாரின் நான்கு திரைகள். அங்கிருந்து சுமார் இரண்டு மைல் தூரத்துக்குள்ளாகவே ராயப்பேட்டையில் சத்யம் வளாகத்தின் ஆறு திரைகளும், எக்ஸ்பிரஸ் அவென்யூவில் எஸ்கேப் என்ற பெயரில் எட்டுத் திரைகளும். இந்தப் பதினான்கும் பி.வி.ஆர். வசம். 2023 பிப்ரவரி 6-ஆம் தேதி வரை இவ்விரு கம்பெனிகளும் போட்டியாளர்கள். ஒரு புதுப் படம் வெளியானால் மயிலாப்பூர்க் குடும்பம் எந்தப் பக்கம் திரும்பும் என்பதில் இரண்டு பேருக்கும் அக்கறை இருந்தது. அந்தத் தேதியில் இணைப்பு அமலுக்கு வந்தது. அன்று முதல் இந்தப் பக்கம் போனாலும் அந்தப் பக்கம் போனாலும் பணம் ஒரே கல்லாவில்தான் விழுகிறது.

இதனால் ரசிகனுக்கு நஷ்டமா, இல்லையா? இதை ஊகத்தால் சொல்ல வேண்டியதில்லை. கணக்குப் போட்டுப் பார்க்க ஒரு வழி உண்டு. உலகத்தின் பல நாடுகளில் போட்டிச் சட்டத்தை நடத்துகிறவர்கள் முதலில் கையில் எடுப்பது அந்தக் கணக்கைத்தான். பள்ளிக்கூடத்துப் பையனும் போடக்கூடிய கணக்கு அது. ஆனால் கணக்குக்கு முன்னே செய்ய வேண்டிய ஒரு வேலை இருக்கிறது. சங்கடமெல்லாம் அங்கேதான்.

வர்க்கம் ஏன்?

ஒரு தொழிலில் உள்ள ஒவ்வொருவருடைய பங்கையும் நூற்றுக்கு இத்தனை என்று எழுதிக் கொள்ள வேண்டும். ஒவ்வொரு பங்கையும் அதே எண்ணால் பெருக்க வேண்டும். வந்தவற்றையெல்லாம் கூட்ட வேண்டும். அவ்வளவுதான். இதற்கு ஹெர்ஃபிண்டால் – ஹிர்ஷ்மன் குறியீடு என்று பெயர். ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் 1945-இல் நாடுகளின் வியாபாரத்தை ஆராய்ந்தபோது இவ்வகைக் கணக்கைக் கையாண்டார். ஓரிஸ் ஹெர்ஃபிண்டால் 1950-இல் அமெரிக்க எஃகுத் தொழிலைப் பற்றி எழுதிய ஆராய்ச்சியில் அதைப் பயன்படுத்தினார். இருவர் பெயரும் சேர்ந்து நிலைத்துவிட்டது.

பங்குகளைச் சும்மா கூட்டினால் என்ன, வர்க்கம் எதற்கு என்று கேட்கலாம். ஓர் ஊரில் நான்கு கடைகள். ஒவ்வொன்றுக்கும் 25 சதவீத வியாபாரம். இன்னோர் ஊரிலும் நான்கு கடைகள். ஆனால் ஒருவருக்கு 70 சதவீதம், மற்ற மூவருக்கும் பத்துப் பத்து. சும்மா கூட்டினால் இரண்டு ஊரிலும் 100 வரும், வித்தியாசம் தெரியாது. வர்க்கப்படுத்தினால் முதல் ஊரில் 2,500. இரண்டாவது ஊரில் 5,200. பெரிய கையின் பலத்தை வர்க்கம் பெரிதாக்கிக் காட்டுகிறது. தொழில் முழுவதும் ஒருவரிடமே இருந்தால் எண் 10,000-இல் முடியும். அதற்கு மேல் போக இடமில்லை.

இணைப்பு விஷயத்தில் இன்னொரு வசதியும் உண்டு. இரண்டு பேர் சேரும்போது எண் எவ்வளவு கூடும் என்று அறிய எல்லாவற்றையும் மறுபடி கூட்ட வேண்டாம். சேருகிற இருவரின் பங்குகளையும் பெருக்கி, அதை இரட்டித்தால் போதும். 20 சதவீதமும் 10 சதவீதமும் சேர்ந்தால் ஏற்றம் 400.

அமெரிக்காவில் 2023 டிசம்பரில் வெளியான வழிகாட்டு விதிகள், இணைப்புக்குப் பின் எண் 1,800-ஐத் தாண்டி, ஏற்றமும் 100-ஐத் தாண்டினால் போட்டிக்குக் கேடு என்று முதற்கண் கருத இடம் தருகின்றன. கம்பெனிகள்தாம் அப்படியல்ல என்று காட்ட வேண்டும். நம் நாட்டின் 2002-ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டத்தில் இப்படி எண் எதுவும் எழுதப்படவில்லை. தொழில் எவ்வளவு குவிந்திருக்கிறது என்பது போட்டிக் கமிஷன் கவனிக்க வேண்டிய பல அம்சங்களில் ஒன்று என்று மட்டும் சட்டம் சொல்கிறது. ஆகவே அமெரிக்க எண் இங்கே சட்டமல்ல; ஓர் அளவுகோல்தான்.

வேலியைப் போடுவது யார்?

இப்போது கணக்குக்கு முன்னே செய்ய வேண்டிய அந்த வேலைக்கு வருவோம். "பங்கு" என்றால் எதில் பங்கு? எந்த வேலிக்குள் இருப்பவர்களை எண்ணுவது?

2022 மார்ச் 27-ஆம் தேதி இணைப்பு அறிவிக்கப்பட்டபோது பி.வி.ஆரிடம் 871 திரைகள், ஐநாக்ஸிடம் 675 திரைகள், ஆக 1,546. அந்தச் சமயத்தில் இந்தியா முழுவதிலும் இருந்த திரைகள் ஏறத்தாழ 9,400. வேலியை நாடு முழுவதும் சுற்றிப் போட்டால் ஒருவர் பங்கு 9 சதவீதத்துக்குச் சற்று மேல். மற்றவர் பங்கு 7 சதவீதத்துக்குச் சற்று மேல். எண்ணில் ஏற்றம் சுமார் 130. பல நூறு சொந்தக்காரர்களிடம் சிதறிக் கிடக்கிற தொழிலில் இது ஒரு பொருட்டே அல்ல என்று சொல்லிவிடலாம்.

ஆனால் மயிலாப்பூரில் இருக்கிறவர் படம் பார்க்க லக்னோவுக்குப் போக மாட்டார். அவருக்கு லக்னோவில் நூறு கொட்டகை இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். ஆகையால் வேலியை அவர் வீட்டிலிருந்து போட்டுப் பார்க்க வேண்டும்.

ராயப்பேட்டை, மயிலாப்பூர், அண்ணா சாலை ஆகிய மூன்றையும் ஒரு வட்டமாக எடுத்துக் கொள்வோம். இணைப்பு அறிவிக்கப்பட்ட காலத்தில் இங்கே பி.வி.ஆருக்கு 14 திரைகள், ஐநாக்ஸுக்கு 4, தேவி வளாகத்தில் 4, உட்லண்ட்ஸில் 2, கேஸினோவும் அண்ணாவும் ஒவ்வொன்று. மொத்தம் 26. பி.வி.ஆரின் பங்கு ஏறத்தாழ 54 சதவீதம். ஐநாக்ஸுக்கும் தேவிக்கும் 15 சதவீதத்துக்குச் சற்று மேல். வர்க்கப்படுத்திக் கூட்டினால் இணைப்புக்கு முன்பே எண் சுமார் 3,460. இணைந்த பிறகு 5,100-க்கு மேல். ஏற்றம் 1,650-க்கும் அதிகம்.

நாடு என்று பார்த்தால் 130. ஊர் என்று பார்த்தால் 1,650. இரண்டும் ஒரே இணைப்பு. இரண்டிலும் பெருக்கலில் பிழையில்லை. வேலி மாறியது, தீர்ப்பும் மாறிவிட்டது.

தியாகராய நகர்க்காரர் இதை ஆட்சேபிக்கலாம். அவருக்கு ஜி.என். செட்டி சாலையில் ஏ.ஜி.எஸ். கொட்டகை இருக்கிறது, அதை ஏன் விட வேண்டும்? நியாயமான ஆட்சேபம். நான்கு திரைகள் என்று வைத்துச் சேர்த்துக் கொண்டாலும் ஏற்றம் 1,240-க்குக் குறையவில்லை. அடையாற்றுக்காரருக்கோ வட்டமே வேறு. அவருக்குத் திருவான்மியூர் கிட்ட, அண்ணா சாலை எட்ட. இன்னொருவர் எதிர்ப்பக்கமாக இழுக்கலாம். "மால்களுக்குப் போகிறவர்கள் பழைய ஒற்றைத் திரைக் கொட்டகைக்குப் போக மாட்டார்கள், அவற்றை நீக்குங்கள்" என்பார். மற்றவர்களையெல்லாம் நீக்கினால் வட்டத்தில் மிஞ்சுவது பி.வி.ஆரும் ஐநாக்ஸும் மட்டுமே. இணைந்தால் எண் நேராக 10,000.

அப்படியானால் வேலியை அவரவர் இஷ்டப்படி போடலாமா? கூடாது. அதற்கும் ஒரு சோதனை வைத்திருக்கிறார்கள். வட்டத்துக்குள் உள்ள கொட்டகைகள் அத்தனையும் ஒரே முதலாளியிடம் இருப்பதாகக் கற்பனை செய்ய வேண்டும். அவர் கட்டணத்தை நூற்றுக்கு ஐந்து முதல் பத்து வரை உயர்த்துகிறார். ஜனங்கள் பெருவாரியாக வட்டத்துக்கு வெளியே போய்விட்டால் அவருக்கு நஷ்டம். அப்போது வேலி சிறியது, இன்னும் அகலப்படுத்த வேண்டும். முணுமுணுத்துக் கொண்டே கொடுத்துவிட்டு உள்ளேயே இருந்தால் வேலி சரி. வீட்டில் சந்தா கட்டிப் பார்க்கிற இணையப் படங்களைச் சேர்ப்பதா என்ற வழக்கும் இதே சோதனையில் தீரும். கொட்டகைக் கட்டணம் பத்து ரூபாய் ஏறியதற்காகப் புதுப்படத்தை விட்டுவிட்டுச் சில வாரம் காத்திருக்கிறவர் எத்தனை பேர் என்பதே கேள்வி.

டில்லியில் நடந்தது

இதெல்லாம் ஏட்டுச் சுரைக்காய் அல்ல. இதே தொழிலில், இதே பி.வி.ஆர். விஷயத்தில், நம் போட்டிக் கமிஷன் ஊர்வாரியாகக் கணக்குப் பார்த்தது உண்டு.

2015-இல் டி.எல்.எஃப். நிறுவனத்தாரின் டி.டி. சினிமாஸ் கொட்டகைகளை, 39 திரைகளை, 500 கோடி ரூபாய்க்கு வாங்கப் பி.வி.ஆர். ஏற்பாடு செய்தது. நாடு முழுவதையும் வைத்துப் பார்த்தால் 39 திரை கடுகளவு. ஆனால் கமிஷன் நாட்டைப் பார்க்கவில்லை. தெற்கு டில்லி, குர்கான், நொய்டா என்று தனித்தனியாக வட்டம் போட்டது. மல்டிபிளக்ஸையும் உயர்தர ஒற்றைத் திரைக் கொட்டகையையும் ஒரு வகுப்பில் வைத்தது. தெற்கு டில்லியில் பி.வி.ஆரின் கை மிகவும் ஓங்கிவிடும் என்று தெரிந்தது. 2016 மே மாதம் அனுமதி கிடைத்தது. ஆனால் தெற்கு டில்லியில் சாகேத்திலும் சாவித்திரியிலும் இருந்த ஏழு திரைகள் பேரத்திலிருந்து விலக்கப்பட்டன. மிச்சம் 32 திரைகளை 433 கோடி ரூபாய்க்கு வாங்கினார்கள்.

வியாபாரமும் நடந்தது; போட்டி கெடுகிற ஓர் இடம் மட்டும் காப்பாற்றப்பட்டது. இணைப்பை ஆராய்வது என்றால் அதைத் தடுப்பது என்று பலர் எண்ணுகிறார்கள். பெரும்பாலும் அது இப்படி ஒரு மூலையைக் கத்தரிப்பதுதான்.

சென்னையில் முதல் கைமாற்றம்

குறியீட்டின் ஏற்றம் எதை அளக்கிறது என்பதற்குச் சென்னையிலேயே ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. சத்யமும் எஸ்கேப்பும் முதலில் பி.வி.ஆருடையவை அல்ல. அவை எஸ்.பி.ஐ. சினிமாஸ் என்ற சென்னைக் கம்பெனியின் சொத்து. 2018 ஆகஸ்டில் அந்தக் கம்பெனியின் 71.69 சதவீதப் பங்கை 633 கோடி ரூபாய்க்கு வாங்குவதாகப் பி.வி.ஆர். அறிவித்தது. அப்போது ஊரெல்லாம் பேச்சு. சத்யம் கைமாறுகிறதே என்று பலர் வருந்தினார்கள்.

ஆனால் மேலே சொன்ன வட்டத்தில் அந்த விற்பனையால் எண் ஒரு புள்ளியும் நகரவில்லை. காரணம், இந்த வட்டத்துக்குள் பி.வி.ஆருக்கு அதற்கு முன் ஒரு திரையும் கிடையாது. பதினான்கு திரைகள் ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போயின. போட்டியாளர்களின் எண்ணிக்கை குறையவில்லை. 2022-இல் அறிவித்த இணைப்பில் கைமாறியவை இந்த வட்டத்தில் நான்கே திரைகள். அவ்வளவு பேச்சும் இல்லை. ஆனால் போட்டியாளர் ஒருவர் மறைந்தார். மனத்தாங்கலை அந்தக் கணக்கு அளப்பதில்லை. போட்டி குறைவதை மட்டுமே அளக்கிறது.

கமிஷன் ஏன் பார்க்கவில்லை?

டி.டி. சினிமாஸின் 39 திரைகளை ஆராய்ந்த கமிஷன் ஐநாக்ஸின் 675 திரைகளை ஆராயவில்லை. இது எப்படி என்பதுதான் இந்த விவகாரத்தின் மையம்.

சிறிய கம்பெனிகளின் பேரங்களையெல்லாம் கமிஷன் முன் கொண்டுவர வேண்டாம் என்று சர்க்கார் ஒரு விலக்கு அளித்திருந்தது. வாங்கப்படுகிற கம்பெனியின் இந்தியச் சொத்து 350 கோடி ரூபாய்க்கு மேற்படாமலோ, விற்று வரவு 1,000 கோடி ரூபாய்க்கு மேற்படாமலோ இருந்தால் அனுமதி கேட்க வேண்டாம். இரண்டில் ஒன்று இருந்தால் போதும். கொள்ளைநோய்க்கு முந்திய 2019–20-ஆம் ஆண்டில் ஐநாக்ஸின் வரவு 1,800 கோடிக்கு மேல். அதன் பின் கொட்டகைகள் மூடிக் கிடந்தன. வரவு ஆயிரம் கோடிக்கு வெகு கீழே விழுந்தது. அந்தத் தாழ்ந்த கணக்கைக் கொண்டு, நாட்டின் மிகப் பெரிய இரண்டு கொட்டகைக் கம்பெனிகளின் இணைப்பு சிறு பேரமாகக் கணக்காயிற்று.

இதை எதிர்த்து 'கட்ஸ்' என்ற நுகர்வோர் அமைப்பு கமிஷனிடம் முறையிட்டது. 2022 செப்டம்பரில் கமிஷன் அதைத் தள்ளியது. இனிமேல் கேடு நேரலாம் என்ற அச்சத்தை மட்டும் வைத்து, கேடான ஒப்பந்தங்களையும் ஆதிக்கத் துஷ்பிரயோகத்தையும் தண்டிக்கிற பிரிவுகளின் கீழ் விசாரிக்க முடியாது என்பது அதன் நிலை. சட்டத்தின்படி இது தவறென்று சொல்ல முடியாது. வருங்காலக் கேட்டைப் பார்க்க வேண்டியது இணைப்புப் பிரிவு. அந்தக் கதவை விலக்கு மூடியிருந்தது. 2023 ஜனவரியில் மும்பை கம்பெனிச் சட்ட டிரிப்யூனல் திட்டத்தை ஏற்றது. பத்து ஐநாக்ஸ் பங்குக்கு மூன்று பி.வி.ஆர். பங்கு என்ற விகிதத்தில் இணைப்பு முடிந்தது.

மறுபக்க நியாயம்

கம்பெனிகளின் தரப்பையும் கேட்க வேண்டும். கொள்ளைநோய்க் காலத்தில் வருமானமின்றி வாடகையும் சம்பளமும் சுமந்தவர்கள் அவர்கள். வீட்டுக்குள்ளேயே படம் வரத் தொடங்கிவிட்டது. சேர்ந்தால் செலவு குறையும் என்றார்கள். இணைந்த கம்பெனியே 2023 மே மாதம், நஷ்டத்தில் ஓடும் சுமார் 50 திரைகளை மூடப் போவதாக அறிவித்தது. தொழில் செழித்துக் கொழித்தது என்று யாரும் சொல்ல முடியாது.

தமிழ்நாட்டில் இன்னொரு விசேஷமும் உண்டு. இங்கே டிக்கெட் கட்டணத்துக்குச் சர்க்கார் உச்சவரம்பு இருக்கிறது. 2017-இல் மல்டிபிளக்ஸ்களுக்கு வரி நீங்கலாக 150 ரூபாய் என்று வைத்தார்கள். டில்லியைப் போல டிக்கெட்டை ஏற்றிவிட இங்கே முடியாது. அப்படியானால் குறியீடு எவ்வளவு ஏறினால் என்ன என்று கேட்கலாம்.

ஆனால் உச்சவரம்பு டிக்கெட்டுக்குத்தான். சோளப்பொரி, வண்டி நிறுத்தும் கட்டணம், இணைய முன்பதிவுக் கட்டணம் ஆகியவை அந்த வரம்புக்குள் அடங்குவதில்லை. சிறிய படத்துக்கு மாலைக் காட்சி கிடைக்குமா, காலை ஒன்பது மணிக் காட்சி மட்டும்தானா என்பதும் விலையில் தெரியாது. படத்தை விநியோகிக்கிறவருக்கு வசூலில் எத்தனை பங்கு என்ற பேரமும் இருக்கிறது. முன்பு ஒருவர் மறுத்தால் இன்னொருவரிடம் போகலாம். விலை கட்டப்பட்ட இடத்தில் போட்டிக் குறைவு விலையில் தெரியாது. இந்த மூலைகளில் தெரியும்.

தெரிகிறதா என்று சோதிக்கவும் வழி இருக்கிறது. இரண்டு கம்பெனிகளும் அருகருகே இருந்த இடம் ஒன்று, இரண்டில் ஒன்று மட்டுமே இருந்த இடம் ஒன்று என எடுத்துக் கொள்ள வேண்டும். இணைப்புக்கு முன்னும் பின்னும் இரண்டு இடத்திலும் பண்டங்களின் விலையையும் காட்சி நேரங்களையும் குறித்துப் பார்க்க வேண்டும். எண்ணெய் விலையும் மின்சாரச் செலவும் இரண்டு இடத்துக்கும் பொது. முதல் இடத்தில் மட்டும் அதிகமாக ஏறியிருந்தால் அந்த மிகுதி இணைப்பின் விளைவு. இரண்டிலும் ஒரே மாதிரி ஏறியிருந்தால் பழியை வேறெங்கோ தேட வேண்டும். குறியீடு சந்தேகத்தை மட்டும் எழுப்பும், குற்றத்தை நிரூபிக்காது. நிரூபிப்பது இந்த மாதிரி ஒப்பீடுதான்.

குறியீட்டுக்கு வேறொரு குறையும் உண்டு. மேலே திரைகளை எண்ணினோம். ஆயிரம் பேர் உட்காரும் திரையும் நூறு பேர் உட்காரும் திரையும் அதில் ஒன்றே. நாற்காலிகளை எண்ணினால் பெரிய அரங்கு வைத்திருப்பவரின் பங்கு கூடும். வசூலை எண்ணினால் கூட்டம் நிறைகிற கொட்டகையின் பங்கு கூடும். மூன்று விதமாகவும் போட்டுப் பார்த்து, மூன்றும் ஒரே பக்கம் சாய்ந்தால்தான் நம்ப வேண்டும். மேலும், புதிதாக ஒருவர் சுலபமாக நுழைய முடியுமானால் பெரிய எண்ணும் பயமுறுத்தாது. மத்திய சென்னையிலோ மனை விலை இருக்கிற இருப்பில் புதுக் கொட்டகை எழுவது அரிது. இருப்பது மறைவதே வழக்கம். அண்ணா சாலையின் சாந்தி 2016-இல் மூடப்பட்டது.

கேட்கப்படாத கேள்வி

ஆராய்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஒருவேளை ஒன்றும் ஆகியிருக்காது. ஒருவேளை டில்லியில் நடந்தது இங்கேயும் நடந்திருக்கும். இந்த வட்டத்தில் இரண்டு கம்பெனிகளும் மோதிய இடம் சிட்டி சென்டரின் நான்கு திரைகள் மட்டுமே. அவற்றை மூன்றாவது ஒருவருக்கு விற்கச் சொல்லியிருந்தால் எண்ணில் ஏற்றம் 1,650-லிருந்து பூஜ்யமாகியிருக்கும். மிச்சம் ஆயிரத்து ஐந்நூற்றுச் சொச்சம் திரைகளின் இணைப்புக்கு அதனால் ஒரு தடையும் இல்லை. கம்பெனிகள் சொன்ன சிக்கனமும் கெட்டிருக்காது.

சட்டம் பிறகு திருந்தியது. 2024 செப்டம்பர் முதல், பேரத்தின் மதிப்பு 2,000 கோடி ரூபாய்க்கு மேலிருந்து, வாங்கப்படுகிற கம்பெனிக்கு இந்தியாவில் கணிசமான வியாபாரமும் இருந்தால், வரவு எவ்வளவு குறைவாக இருந்தாலும் கமிஷன் முன் வர வேண்டும். ஐநாக்ஸ் பங்குகளின் அன்றைய சந்தை மதிப்பு அந்த வரம்புக்கு வெகு மேலே. அதே பேரம் இன்று வந்தால் ஒரு கெட்ட ஆண்டின் வரவைக் காட்டித் தப்பியிருக்க முடியாது.

ஆனால் கமிஷன் முன் வருவது பாதிதான். வந்த பிறகு வேலியை நாட்டைச் சுற்றிப் போடுகிறார்களா, மயிலாப்பூரைச் சுற்றிப் போடுகிறார்களா என்பது மற்றப் பாதி. அடுத்த இணைப்பு மருந்துக்கடைகளாக இருக்கலாம், மருத்துவமனைகளாக இருக்கலாம். "நாட்டில் எங்கள் பங்கு பத்து சதவீதம்கூட இல்லை" என்று அறிக்கை வரும். அது உண்மையாகவே இருக்கும். வீட்டிலிருந்து இரண்டு மைலுக்குள் எத்தனை பேர் இருக்கிறார்கள், அவர்களில் எத்தனை பேர் ஒருவராகப் போகிறார்கள் என்று வாசகர்கள் அப்போது எண்ணிப் பார்க்கட்டும். பங்குகளைப் பெருக்கி இரட்டிக்க ஒரு நிமிஷம் போதும்.